ஆச்சரியக்குறி தீர்ந்துபோன இதழ்

கேள்வி: விலைவாசியையும் கூலியையும் பற்றிக் கோபமாக ஒரு கவிதை எழுதினேன். வாசித்த நண்பர், "நன்றாக இருக்கிறது, ஊர்வலத்தில் கத்தலாம்" என்கிறார். கோஷம் மாதிரி இல்லாமல், படிக்கிறவர் 'ஆமாம், அநியாயம்தான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுவது எப்படி? கவிதையை இணைத்திருக்கிறேன். பிடித்தால் வெளியிடுங்கள்!!! சன்மானம் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் உங்கள் நண்பரோடு ஒரு சண்டை. ஊர்வலத்தில் கத்த முடிகிற வரி என்றால் மட்டமா? நடந்துகொண்டே சொல்ல வேண்டும், பாதி காதில் விழுந்தவனும் மீதியைத் தானே முடிக்க வேண்டும், மூச்சு வாங்குவதற்கு இடம் இருக்க வேண்டும். அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள், தெரியும். கோஷம் இலக்கியமே இல்லை என்று இந்தப் பக்கங்களிலேயே வாதாடிய ஒரு விமர்சகர் உண்டு. அவருடைய சொந்தக் கவிதையில் ஒரு வரியாவது யாருக்காவது நினைவிருக்கிறதா என்று அப்போதே கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. கோஷம் ஏற்கெனவே நம் பக்கம் வந்துவிட்டவர்களை ஒன்றாக நடக்க வைக்கிறது. நீங்கள் கேட்பது இன்னும் வராதவரைப் பற்றி. அவருக்கு அந்தச் சரக்கு போகாது. சிக்கல் அவ்வளவுதான்.

இனி அந்த மூன்று ஆச்சரியக்குறிகளுக்கு வருகிறேன். கவிதைக்குள் எத்தனை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஈய எழுத்துக் காலத்தில், நான் பிழை திருத்துபவனாக இருந்த ஓர் இதழில், உழைப்பாளர் சிறப்பிதழ் போட்டோம். வந்த கவிதை எல்லாம் ஒரே முழக்கம். இரண்டு பக்கம் கோத்ததும் அச்சுக்கோப்பவர் ஆசிரியரிடம் வந்து நின்றார். "ஐயா, ஆச்சரியக்குறி காலி. எழுத்துப் பெட்டியில் ஒன்றுகூட இல்லை." வாடகைக்கு வாங்கலாமா என்று ஆசிரியர் யோசித்தார். பக்கத்து அச்சகத்தில் கேட்டதில், அவர்களும் அதே வாரம் ஒரு சிறப்பிதழ் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சரி, மிச்சத்துக்கெல்லாம் முற்றுப்புள்ளி வை" என்றார் ஆசிரியர். இதழ் வந்ததும் ஒரு கவிஞர் நேரிலேயே வந்துவிட்டார், தன் கவிதையைக் கொலை செய்துவிட்டோம் என்று. அவருக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தோம். அடுத்த வாரம் வாசகர் கடிதங்கள் வந்தன. பாராட்டெல்லாம் முற்றுப்புள்ளிக் கவிதைகளுக்கு. அந்தக் கவிஞர் பிற்பாடு தொகுப்பு போட்டபோது அந்தக் கவிதை முற்றுப்புள்ளிகளோடுதான் இருந்தது. எங்களுக்கு நன்றி மட்டும் இல்லை.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. 'அரை நாள் கூலி பிடித்தார்கள்!' என்று எழுதினால் படிப்பவர் அதிர்ச்சியடைய வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். சொன்னதைச் செய்ய யாருக்குப் பிடிக்கும்? 'அரை நாள் கூலி பிடித்தார்கள்.' என்றால் அதிர்வதா வேண்டாமா என்பது அவர் பாடு. பெரும்பாலும் அதிர்ந்துவிடுவார்.

சரி, உங்கள் கவிதை. 'எரிமலை', 'ரத்தம் உறிஞ்சும்', 'கொடிய' எல்லாம் வரிசையாக வந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, நீங்களே கவனிக்காமல், ஒரே ஒரு உயிருள்ள வரியை எழுதியிருக்கிறீர்கள்: 'பத்து நிமிடம் பிந்தினால் பாதி நாள் கூலி போச்சே!' எரிமலையை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். எனவே மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, இந்த வரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் அப்படி அளந்த அதே ஆள், மாலையில் வேலை முடியாமல் உங்களை நிறுத்தியபோது எப்படி அளந்தார்? பதிலை அப்படியே எழுதினால் போதும்.

காலையில்
பத்து நிமிடம் பிந்தினேன்.
அரை நாள் என்று எழுதிக்கொண்டார்.

மாலையில்
நாற்பது நிமிடம் கூடுதலாக நின்றேன்.
"நேரமாகிவிட்டது,
விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள்" என்றார்.

இதற்குக் கீழே 'இதுவா நீதி' என்று ஒரு வரி எழுதக் கை பரபரக்கும். எழுதிப் பாருங்கள், கவிதை அங்கேயே சுருங்கிவிடும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாகிவிட்டது. கழித்துப் பார்க்கும் வேலை படிப்பவருடையது. அவரே கழித்துக் கண்டுபிடித்த அநியாயத்தை அவரால் மறுக்க முடியாது. நீங்கள் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால், 'இவர் அந்தக் கட்சிக்காரர்' என்று ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. 'போங்கள்' என்று மரியாதையாகத்தான் சொல்கிறார். அவரைக் கொம்பு முளைத்த அரக்கனாக்கினால் படிப்பவர் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்த மேற்பார்வையாளரை நினைத்துப் பார்ப்பார். அவருக்குக் கொம்பு இருக்காது. உடனே உங்கள் கவிதை பொய் என்று தோன்றிவிடும். மரியாதையாகப் பேசுகிற மனிதரே இப்படி எழுதிக்கொள்கிறார் என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, அவர் கையில் இருக்கும் விதியில் என்பது தானாக விளங்கும்.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கூலி கொடுக்கும் இடத்தில் இருக்கிற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் குறுக்கிடுகிறார் என்று பாருங்கள். 'கொடிய' என்ற சொல்லில் குறுக்கிட்டால் பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியதாகிவிடும், நீங்கள் தோற்றீர்கள். 'தாமதத்துக்குப் பிடித்தம் என்பது விதிமுறை, மாலையில் நின்றது அவர் விருப்பம்' என்று அவர் விளக்கத் தொடங்கினால் கவிதை அவரைப் பிடித்துவிட்டது. விளக்கம் நீள நீள அவருக்கே சங்கடமாகும்.

யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதில்தான் பாதிக் கவிதைகள் கெட்டுப்போகின்றன. எல்லாரும் முதலாளியையோ அரசையோ 'ஏ' என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் கவிதை படிப்பவர்கள் இல்லை. தாமஸ் ஹூட் என்ற ஆங்கிலக் கவிஞர் 1843 டிசம்பரில் 'பஞ்ச்' இதழில் தன் பெயர் போடாமல் 'சட்டையின் பாட்டு' என்றொரு கவிதை வெளியிட்டார். அற்பக் கூலிக்குச் சட்டை தைக்கும் பெண் பாடுவது. அதில் அவள் தைக்கக் கொடுத்தவனைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. அக்கா தங்கை, அம்மா, மனைவி உள்ள ஆண்களைக் கூப்பிட்டு, நீங்கள் உடுத்தித் தேய்ப்பது துணியை அல்ல, மனித உயிர்களை என்கிறாள். அதாவது, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே இதழைப் படித்துக்கொண்டிருப்பவரிடம் பேசுகிறாள். அவர் எங்கே ஓடுவார்? தன் கூலி என்ன என்பதையும் காசில் சொல்லாமல் பொருள்களாக அடுக்குகிறாள்: வைக்கோல் படுக்கை, கந்தல், உடைந்த நாற்காலி, வெறும் சுவர். சுவர் அவ்வளவு வெறுமையாக இருப்பதால் எப்போதாவது அதில் விழும் தன் நிழலுக்கு நன்றி சொல்கிறாள். (இந்தக் கவிதையில் ஆச்சரியக்குறிகள் கொட்டிக் கிடக்கின்றன என்று யாராவது எனக்குக் கடிதம் எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். கிடக்கின்றன. ஹூட் அளவுக்கு எழுதுங்கள், நானும் வாடகைக்கு வாங்கித் தருகிறேன்.)

கூலிக்கு ஒரு ஆள் முகம் கிடைத்துவிடுகிறது. விலைவாசிக்குத்தான் முகம் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் வேறு யாரையோ காட்டுவார். அதனால் விலைக் கவிதை எழுதுகிறவர்கள் எண்ணில் தஞ்சம் புகுகிறார்கள்: இது இவ்வளவு, அது இவ்வளவு. அதில் வேடிக்கையான ஆபத்து ஒன்று இருக்கிறது. நீங்கள் ரத்தம் கொதித்து எழுதிய விலையைப் பத்து வருடம் கழித்து ஒருவர் படித்து, 'அடடா, அந்தக் காலத்தில் எவ்வளவு மலிவு' என்று பெருமூச்சு விடுவார். விலைவாசியே உங்கள் விலைவாசிக் கவிதையைத் தின்றுவிடும்.

காசை விட்டுவிட்டு வேலை நேரத்தில் எழுதுங்கள். ஒரு பொருளை வாங்க எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது, இப்போது எத்தனை நாள்? பொருளாதாரம் படித்தவர்களும் இப்படி ஒப்பிடுவதுண்டு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விலை ஏறியது என்று சொன்னவுடன் எதிராளி 'கூலியும்தானே ஏறியிருக்கிறது' என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். விலையும் கூலியும் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் நாள் கணக்கு மாறாது, உங்களுக்குக் கோபப்பட நியாயமும் கிடையாது. நாள் கணக்கு கூடியிருந்தால் அந்த ஒரு எண்ணிலேயே விலையும் கூலியும் இரண்டும் வந்துவிட்டன, அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கணக்கை எழுதும் முன் சரிபாருங்கள். கோபக் கவிதையில் ஒரு எண் தப்பாக இருந்தால் கோபமும் தப்பாகிவிடும்.

பழைய செருப்பு
ஒரு நாள் வேலை.
புதியது,
அதே கடை, அதே தோல், அதே ஆணி,
இரண்டு நாள்.
இதையும்
வேலைக்குப் போய்த்தான் தேய்க்க வேண்டும்.

உங்களுடையதில் விலையும் கூலியும் ஒரே கவிதைக்குள் அடித்துக்கொள்கின்றன. பத்து நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள், செருப்பை வேறு தாளில் எழுதுங்கள்.

கடைசியில் சன்மானம். பெருஞ்சித்திரனாருக்கும் இந்தப் பிரச்சினை வந்தது. புறநானூறு 208. அதியமான் அவரை நேரில் பார்க்காமலே பரிசிலை அனுப்பிவிட்டான். புலவர் அதை வாங்கவில்லை. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்றார். தினையளவே கொடுத்தாலும் என் தகுதியை அறிந்து கொடுத்தால் அது இனிது என்றார். கொடுத்தவனை ஒரு சொல் திட்டவில்லை. கோஷமே இல்லாத கூலிக் கோபத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இந்த இதழின் சன்மானத்தைப் பொறுத்தவரை, முதல் நிபந்தனையை நாங்கள் தவறாமல் நிறைவேற்றுகிறோம்: தினையளவுதான். திருத்திய கவிதையைக் கொண்டு நேரில் வாருங்கள், பார்த்தே தருகிறேன். அது பற்றியும் ஒரு கவிதை எழுதுவதாக இருந்தால் முற்றுப்புள்ளி வைத்து எழுதுங்கள். போடுவோம்.