வர்க்கித் தூளும் ஒரு வழியனுப்புதலும்

கேள்வி: என் உயிர்த்தோழி மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறாள். பள்ளி நாட்களை நினைவுபடுத்தி, இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்? நாங்கள் குன்னூர்க்காரர்கள்.

பதில்: நானும் குன்னூர்தான். சென்ற ஆண்டு என் தோழி டப்ளினுக்குப் போனபோது இதே இடத்தில் நானும் திணறினேன். முதலில் எழுதியது இது: "கடல் பிரித்தாலும் நம் நட்பு பிரியாது. நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?" படத்தைப் போட்ட ஐந்தாவது நிமிடம் அவளே அழைத்தாள். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா, அதைப் படித்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாராம். கிளம்புகிறவள் தலையில் நம் துக்கத்தையும் ஏற்றி அனுப்பியது போல் ஆகிவிட்டது. நீக்கிவிட்டேன். அந்த வரிகளை யாரும் யாருக்கும் எழுதலாம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிறகு பழைய படங்களைப் புரட்டினேன். எட்டாம் வகுப்புப் படம் ஒன்றில் இருவரும் மெரூன் ஸ்வெட்டரில் நிற்கிறோம். அதைப் பார்த்ததும் நம்மூர் பேக்கரி வர்க்கி நினைவுக்கு வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது: வர்க்கியைக் கடித்தால் அடுக்கடுக்காக நொறுங்கி உதிரும். சட்டை என்றால் தட்டிவிடலாம். கம்பளி நூலுக்குள் தூள் புகுந்துவிட்டால் லேசில் போகாது. கடைசி பெஞ்சில் அவள் ஒளித்துவைத்துத் தின்றாள். டீச்சர் கண்ணில் பட்டது என் கை மடிப்பில் ஒட்டியிருந்த தூள். இருவரும் மணி அடிக்கும்வரை முட்டி போட்டோம்.

அதை மட்டும் வைத்து இப்படி எழுதினேன்:

"வர்க்கி தின்றது நீ. தூள் ஒட்டியது என் ஸ்வெட்டரில். முட்டி போட்டது இருவரும். டப்ளினிலும் குளிராம். வகுப்புக்குள் போகும் முன் ஸ்வெட்டரை நன்றாக உதறிக்கொள்."

நட்பு, பிரிவு, கண்ணீர் என்ற சொற்கள் ஒன்றுகூட அதில் இல்லை. முதல் வாக்கியத்திலேயே வர்க்கியை வைத்ததற்கும் காரணம் உண்டு. நீளமாக எழுதினால் தொடக்கம் மட்டும்தான் திரையில் தெரியும். மீதியைத் தொட்டுத்தான் படிக்க வேண்டும். "அன்புத் தோழியே" என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும்.

நம் மலைக்காரர்களில் பலர் இந்த இடத்தில் குறிஞ்சியை இழுத்துவிடுவார்கள். 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான், அப்போது சந்திப்போம் என்று. அழகான கணக்குதான். ஆனால் 2018இல் நீங்கள் இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்திருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது சுற்றுலாத் துறை விளம்பரம் போல் இருக்கும்.

இன்னொன்று, பயணத் தேதியை அதில் எழுத வேண்டாம். வீட்டார் எல்லாரும் கோவை விமான நிலையத்துக்குக் கிளம்பும் நாளை ஊருக்கே சொன்னதாகிவிடும்.

இரண்டாவது படத்துக்கு அவள் கீழே பதில் எழுதியிருந்தாள்: "பாதி வர்க்கியைத் தின்றது யார் என்பதையும் எழுதடி."