மெஸ் சமையலறைக்கு ஒரு சுகாதார வினாடி வினா

கேள்வி: எங்கள் மெஸ்ஸில் சமையல், பரிமாறல் எல்லாம் சேர்த்து 9 பேர். உணவுச் சுகாதாரம் பற்றி அவர்களுக்கு ஒரு சின்ன வினாடி வினா வைக்கணும். பாடம் மாதிரி இல்லாமல் தினமும் நடக்கிறதையே கேட்கணும். என்னென்ன கேட்கலாம், எது சரியான பதில்?

"கை கழுவணுமா?" என்று கேட்டால் ஒன்பது பேரும் "ஆமா" என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. ஒரு சம்பவத்தைச் சொல்லி, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கொடுக்கும் விடைகளில் ஒன்றாவது, உங்கள் அடுப்படியில் ஆட்கள் நிஜமாகவே சொல்லும் சமாதானமாக இருக்கட்டும். "கொதிக்க வச்சுட்டா சரியாப் போயிடும்", "மோந்து பார்த்துட்டேன், நல்லாத்தான் இருக்கு" போன்றவை. அதை எத்தனை பேர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

மதிய வேலை முடிந்து மூன்று மணி வாக்கில், வாய்மொழியாகவே நடத்தலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாஸ்டர் எந்த விடையோ அதுதான் எல்லோர் விடையும். தமிழ் தெரியாத பையன்கள் இருந்தால் கட்டை, கத்தி, பாத்திரம் எல்லாவற்றையும் எதிரில் வைத்து நடித்தே காட்டிவிடலாம். ஐந்து கேள்விகள் போதும்.

முதல் கேள்வி கையைப் பற்றி. பரோட்டா மாஸ்டர் ஆம்லெட்டுக்கு நான்கு முட்டை உடைக்கிறார். தோளில் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்துவிட்டு, வெந்த பரோட்டாவை அடித்து இலையில் போடுகிறார். (அ) துண்டு சுத்தமாக இருந்தால் பரவாயில்லை. (ஆ) கையுறை போட்டிருந்தால் பரவாயில்லை. (இ) சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பரோட்டாவைத் தொட வேண்டும்.

விடை (இ). முட்டை ஓட்டில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். கையில் ஒட்டியது துண்டுக்குப் போகும், துண்டிலிருந்து அடுத்த கைக்கும் தட்டுக்கும் போகும். பலர் (ஆ)வில் விழுவார்கள். கையுறை என்பது இன்னொரு தோல், அவ்வளவுதான். முட்டை உடைத்த கையுறையோடு பரோட்டாவைத் தொட்டால் வெறுங்கையால் தொட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பிசுபிசுப்பு கையில் உறைக்காததால் கழுவும் எண்ணமே வராது என்பது கூடுதல் கெடுதல்.

இந்தக் கேள்வியோடு ஒரு செய்முறையும் வையுங்கள். ஒவ்வொருவர் கையிலும் அரை ஸ்பூன் எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் குழைத்துத் தடவிவிட்டு, வழக்கம்போல் கழுவச் சொல்லுங்கள். உள்ளங்கை வெளுத்திருக்கும். நகக்கண், கட்டைவிரலின் வெளிப்பக்கம், விரல் இடுக்கு இந்த மூன்றிலும் மஞ்சள் தங்கியிருக்கும். வெறும் தண்ணீரில் கழுவியவர் கையில் எண்ணெயே போயிருக்காது. அடுத்த முறை சோப்பு நுரையோடு 20 விநாடி, முக்கியமாக அந்த மூன்று இடங்களிலும் தேய்க்கச் சொல்லிப் பாருங்கள். 20 விநாடி எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் புரியும். சானிடைசர் போதாதா என்று ஒருவர் கேட்பார். எண்ணெயும் அழுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி, பேதி பரப்பும் நோரோவைரஸுக்கு எதிராகவும் அதை நம்ப முடியாது.

இரண்டாவது, வெட்டும் கட்டை. கோழி வெட்டி முடிந்தது. கட்டையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி வழித்துவிட்டு, அதே கத்தியால் வெங்காயம் நறுக்குகிறார்கள். பாதி வெங்காயம் குழம்புக்கு, பாதி பிரியாணித் தயிர்ப் பச்சடிக்கு. எந்த வெங்காயத்தில் ஆபத்து?

"ரெண்டுலயும்" என்பவரும் "எதுலயும் இல்ல, கழுவியாச்சே" என்பவரும் இருப்பார்கள். நிஜமான ஆபத்து பச்சடியில். குழம்பு கொதிக்கும்போது கோழியிலிருந்து வந்த சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் செத்துவிடும். பச்சடி அடுப்பைப் பார்க்கவே போவதில்லை. இந்த ஒரு கோணம் மனதில் ஏறிவிட்டால் மற்றது தானாக வரும்: 'இதற்கு மேல் வேகாது' என்கிற பொருள் எதுவோ, பச்சை இறைச்சி தொட்ட எதுவும் அதைத் தொடக்கூடாது. பச்சடி, சட்னி, மல்லித்தழை, எலுமிச்சைத் துண்டு, இலை எல்லாம் அதில் அடக்கம். மசாலா தடவிய கோழி இருந்த தட்டிலேயே பொரித்த துண்டுகளை எடுத்துப் போடுவதும் இதே தப்புதான். அதை யாரும் தப்பாக நினைப்பதே இல்லை.

இரண்டு கட்டை, இரண்டு கத்தி வைத்துக்கொள்வதுதான் உறுதியான வழி. ஒன்றுதான் இருக்கிறதென்றால் பச்சடிக் காய்களை முதலில் வெட்டி மூடி வைத்துவிட்டு, கோழியைக் கடைசியில் வெட்டலாம். முடிந்ததும் கட்டையைச் சுரண்டி, சோப்பு போட்டுத் தேய்த்து அலசி, அதன்பிறகு ப்ளீச் தண்ணீர். இந்த வரிசை மாறக்கூடாது. கொழுப்பும் ரத்தமும் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோய்க் கிருமிக்கு மிஞ்சாது. 5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று பாட்டிலில் போட்டிருந்தால், வாசனை சேர்க்காததாகப் பார்த்து, லிட்டருக்கு 2 மில்லி போதும். அது 100 பிபிஎம் வரும். இரண்டு நிமிடம் ஈரமாக விட்டு, துணியால் துடைக்காமல் நிற்க வைத்துக் காயவிடுங்கள். துடைத்தால் துணியில் இருப்பது மறுபடி ஏறும்.

மூன்றாவது கேள்வி ஃபிரிட்ஜ். மசாலா தடவிய கோழி, வேகவைத்த உருளைக்கிழங்கு, தயிர், நறுக்கிய கேரட் ஆகியவற்றைத் தட்டுத்தட்டாக அடுக்கச் சொல்லுங்கள். கோழி எப்போதும் அடித்தட்டில், விளிம்புள்ள மூடிய பாத்திரத்தில். மேலே வைத்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சொட்டும். உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

நான்காவதுதான் முக்கியம். இதற்கு மட்டும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மதியம் 12 மணிக்கு வடித்த சோறு அண்டாவில் மூடிக் கிடக்கிறது. இரவு 7 மணிக்கு அதை ஃப்ரைட் ரைஸ் போடலாமா? (அ) வாடை வராவிட்டால் போடலாம். (ஆ) தோசைக்கல்லில் நன்றாகச் சூடு ஏற வறுத்தால் போடலாம். (இ) கொட்ட வேண்டும்.

விடை (இ). பெரும்பாலோர் (ஆ)தான் காட்டுவார்கள். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகும். பெருகும்போது அது விடும் ஒரு நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. குக்கரே ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் தோசைக்கல் என்ன செய்யும்? அந்த நச்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. சாப்பிட்டவர் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பார்.

"அப்ப பழைய சோறு மட்டும் எப்படி?" என்று யாராவது கேட்டால் பாராட்டுங்கள், நல்ல கேள்வி. தண்ணீரில் ஊறும் சோற்றில் புளிப்பு ஏற ஏற இந்தக் கிருமி பெருகத் தடை வரும். அண்டாவில் கிடக்கும் வெறும் சோற்றில் அந்தப் புளிப்பு இல்லை. ஊற வைத்ததிலும் புளிப்பு ஏறுவதற்கு முந்தைய மணி நேரங்களில் என்ன ஆனது என்பதை வீட்டில் யாரும் அளப்பதில்லை. நூறு பேருக்குப் போடும் இடத்தில் அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

இதே கேள்வியைச் சால்னாவுக்கு மாற்றிக் கேளுங்கள். இரவு 10 மணிக்கு 15 லிட்டர் சால்னா மிச்சம். ஆறட்டும் என்று மேடையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். காலை 6 மணிக்கு மேலே ஆறியிருக்கும், கரண்டி விட்டுக் கிண்டினால் நடுவில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் அடையாளம். கறிக்குழம்பில் வருவது வேறொரு கிருமி, க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். கொதித்த குழம்பில் காற்று இருக்காது, அது அதற்குப் பிடித்த இடம். 43 முதல் 45 டிகிரி வரை சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சோற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: நன்றாகக் கொதிக்க வைத்தால் இது செத்துவிடும். ஆனால் காலை அவசரத்தில் சால்னாவை ஓரம் ஆவி வரும் அளவுக்குச் சுட வைத்துப் பரிமாறுவார்கள். அதுதான் வயிற்றுப்போக்கில் முடியும். தவிர, அந்தப் பானையில் வேறென்ன வளர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எட்டு மணி நேரம் வெளியே கிடந்தது கொட்ட வேண்டியதுதான்.

ஆற வைக்கும் கணக்கு இது: 60 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். இங்கே கவனியுங்கள், நம் ஊர் இரவுக் காற்றே 28, 30 டிகிரி. வெளியே வைத்தால் விடிய விடியக் காத்திருந்தாலும் 21 வராது. அதனால் சால்னாவை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரியுங்கள். ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் தட்டுகளை இறக்கி, அவ்வப்போது கிண்டுங்கள். பிறகு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அண்டாவோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ஆறாது, பக்கத்தில் இருக்கும் தயிரும் சூடாகும்.

கடைசிக் கேள்வி. நேற்று வாந்தி, பேதி. இன்று காலை உடம்பு சரியாகி ஒருவர் வேலைக்கு வந்துவிட்டார். பரிமாற விடலாமா? கூடாது. எல்லாம் நின்ற பிறகு 48 மணி நேரம் கழித்தே உணவைத் தொட வேண்டும். விரலில் சீழ் வைத்த காயம் இருப்பவரையும் உணவுப் பக்கம் விடக்கூடாது. அந்தச் சீழில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் விடும் நச்சும் கொதிக்க வைத்தாலும் போகாது. சாதாரண வெட்டுக்காயம் என்றால் நீலப் பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை. நீலம் ஏனென்றால் சாப்பாட்டில் விழுந்தால் கண்ணில் படும். இந்தக் கேள்விக்கு எல்லோரும் சரியாகவே பதில் சொல்வார்கள், சொன்னபடி நடக்க மாட்டார்கள். வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்தால் எவரும் பேதி என்று சொல்லப்போவதில்லை. அந்த விடை உங்கள் கையில்தான் இருக்கிறது.

மதிப்பெண் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஒரே தப்பை ஆறேழு பேர் செய்திருந்தால் ஆட்களை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள்: கை கழுவும் தொட்டியில் சோப்பு இருக்கிறதா, இரண்டாவது கட்டை இருக்கிறதா, அகலத் தட்டு எத்தனை. குத்திப் பார்க்கும் உணவுத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். வாங்கியதும் ஒரு டம்ளர் நிறைய ஐஸ்கட்டி போட்டு, இடைவெளியில் தண்ணீர் ஊற்றி, கலக்கி, கம்பியை நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எத்தனை டிகிரி தள்ளிக் காட்டுகிறதோ, அதை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள்.