மினிமம் கட்டியும் ஏறுகிற கடனட்டை நிலுவை

கேள்வி: என்ர கடனட்டையில 2 இலட்சம் நிலுவை. மாசாமாசம் வங்கி கேட்கிற 10,000 ரூபாயை ஒருநாளும் பிந்தாமல் கட்டுறன். தம்பி தன்ர கடைக்கு மாசம் 15,000க்கு இந்த அட்டையில சாமான் எடுப்பான், மாச முடிவில காசாய்த் தருவான். அதைத் தொடாமல் சேமிப்பில போட்டு இப்ப 90,000 இருக்கு. ஆனா நிலுவை ஏறுதே?
– ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, அந்த 10,000 பிந்திய கட்டணம் விழாமல் காப்பாற்றுமே தவிர கடனை அடைக்காது. உங்கள் ஸ்டேட்மென்டில் உள்ள வருட வட்டி 26 வீதம் என்று வைப்போம். 2 இலட்சத்துக்கு மாத வட்டியே ஏறக்குறைய 4,300. அது போக அசலில் கழிவது 5,700 மட்டும். அதே மாதம் தம்பி 15,000 ஏற்றுகிறார். ஆகவே மாதத்துக்கு 9,000க்கு மேல் கூடுகிறது.

'50 நாள் வட்டியில்லை' என்று தம்பி சொல்லியிருப்பார். பில் 15ஆம் திகதி மூடி, அடுத்த மாதம் 5ஆம் திகதி கட்ட வேண்டிய அட்டையில் யூன் 16 வாங்கினால் யூலை 15 பில்லில் வரும், ஓகஸ்ட் 5 வரை அவகாசம். யூலை 14 வாங்கினால் 22 நாள்தான். ஆனால் இந்தச் சலுகை முந்திய பில்லை முழுதாகக் கட்டியவருக்கு மட்டுமே. நிலுவையை இழுத்துக்கொண்டு போகிற உங்களுக்கு, தம்பி அட்டையை உரசிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அவர் அசலைத் தருகிறார், வட்டியை நீங்கள் கட்டுகிறீர்கள்.

அந்த 90,000ஐ இந்தக் கிழமையே அட்டைக்குக் கட்டுங்கள். சேமிப்பு வட்டி 26 வீதத்துக்குக் கிட்டவும் வராது. தம்பியிடம் அட்டையைக் கொடுக்காதீர்கள், மனவருத்தம் வந்தாலும் பரவாயில்லை. மிச்சம் 1,10,000. இனி மினிமம் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். நிலுவை குறையக் குறைய அந்தத் தொகையும் சுருங்கும், அதன் பின்னால் போனால் பாதிக் கடன் தீரவே 2 வருடமளவு ஆகும். மாதம் 10,000 என்று நிறுத்தாமல் கட்டினால் 13 மாதத்தில் முடியும்.

முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் ஒரு சிறு வட்டி வரலாம். பில் மூடிய நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரைக்குமான வட்டி அது. பிழையென்று விட்டுவிடாமல் கட்டுங்கள்.

'பூச்சிய வட்டித் தவணை', வேறு அட்டைக்கு நிலுவையை மாற்றுவது என்று அழைப்பு வரும். முதலில் எடுக்கிற கட்டணம் எவ்வளவு, சலுகைக் காலம் முடிந்தபின் வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் போனை வையுங்கள்.