ரோல் வாங்கும் முன் ஜாக்கெட்டில் என்ன படிக்கணும்?

கேள்வி: அண்ணா, ரெண்டு கடையில ரெண்டு கேட்6 நெட்வொர்க் கேபிள் ரோல் பார்த்தேன். ரெண்டிலயும் சிசிஏ-ன்னு இருக்கு. ஒருத்தர் அது மட்டமான சரக்குங்கிறார், இன்னொருத்தர் தீ பாதுகாப்பு முத்திரைங்கிறார். ஜாக்கெட்ல இருக்கிறது இது:

```
CAT6 UTP 4PR 23AWG CCA PVC
CAT6 U/UTP 4x2x23AWG LSZH Cca-s1b,d1,a1
```

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், அவங்கவங்க ரோலுக்கு. முதல் வரியில 23AWG-ங்கிற கேஜை ஒட்டி வர்றது காப்பர் பூசின அலுமினியம். ரெண்டாவது ஐரோப்பிய தீ வகுப்பு. எழுத்து பெரிசா சின்னதான்னு மட்டும் நம்பாதீங்க, அச்சுல மாறும். பின்னால வர்ற வால்தான் அடையாளம்: s புகை, d எரிஞ்சு சொட்டுறது, a அமிலத்தன்மை. ஆனா தீ வகுப்பு இருக்கிறதால உள்ளே காப்பர்னு அர்த்தம் இல்ல. முனையில ஒரு கம்பியைக் கத்தியால சுரண்டுங்க. உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம்.

கேள்வி: AWG நம்பர் குறைஞ்சா தடிமன் கூடும்னு தெரியும் சார். அப்ப 23 சிசிஏ, 24 காப்பரை விட மேல்தானே?

பதில்: பாதி சரி. 24-இன் விட்டம் 0.51 மி.மீ., 23-க்கு 0.57. பரப்புல கால் பங்கு கூடுது. ஆனா சிசிஏ கம்பி, அதே அளவு காப்பர் கடத்துறதுல ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்குதான் கடத்தும். கணக்குப் பார்த்தா 24 காப்பரே ஜெயிக்குது.

கேள்வி: எங்க குடோன்ல 60 மீட்டர்ல கேமரா. 12 வோல்ட்டை கேபிள்லயே அனுப்புறோம். ராத்திரி மட்டும் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது. ஷீல்டு கேபிள் போட்டா சரியாகுமா?

பதில்: ஷீல்டு இதுக்கு மருந்தில்ல. ராத்திரி ஐஆர் விளக்கு எரியுது, கரண்ட் ஏறுது, வோல்ட் விழுது. அரை ஆம்பியர், ரெண்டு ஜோடியில போகுதுன்னு வைங்க: 24 காப்பர்ல 2.5 வோல்ட் போகும், சிசிஏ-ல 4 வோல்ட் வரை. கேமராவுக்கு மிச்சம் 8தான். முதல்ல ஜாக்கெட்டைப் படிச்சுச் சொல்லுங்க. காப்பரா இருந்தாலும் இந்த தூரத்துக்கு நான் நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட்டும் அனுப்புற 48 வோல்ட் பிஓஇ சுவிட்ச்தான் போடுவேன். ஷீல்டு வாங்கினா, U/UTP மாதிரி அச்சுல சாய்கோட்டுக்கு முன்னால இருக்கிற எழுத்து மொத்தக் கேபிளுக்கான ஷீல்டைச் சொல்லும், பின்னால இருக்கிறது ஒவ்வொரு ஜோடிக்குமானதை. எர்த் கொடுக்காம அது வீண் செலவு.

கேள்வி: எல்எஸ்இசட்எச்-னு போட்டா தீ பிடிக்காதுதானே? அபார்ட்மெண்ட் டக்ட்ல பத்து மாடி ஏத்தணும்.

பதில்: பிடிக்கும். புகை கம்மி, ஹாலஜன் வாயு இல்ல, அவ்வளவுதான். தீ மேலே பரவாதான்னு சொல்றது வேற அச்சு. ஐஇசி 60332-1 ஒத்தைக் கேபிளுக்கான சோதனை. 60332-3 கட்டா போற கேபிளுக்கு, டக்டுக்கு இதைத் தேடுங்க. அமெரிக்க அச்சுன்னா மாடி ஏத்துறதுக்கு சிஎம்ஆர்.

கேள்வி: ரெண்டாவது ரோல்ல 60332 எதுவுமே இல்லையே, அந்த வால் மட்டும்தான் இருக்கு. போதுமா?

பதில்: அந்த வகுப்புக்கான சோதனையே கட்டா எரிச்சுப் பார்க்கிறதுதான், அதனால எனக்குத் திருப்தி. உங்க கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறை அதை ஏத்துக்குமான்னு ஆர்டருக்கு முன்னாடி கன்சல்டண்ட்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க.