பழைய நண்பர்கள் நடுவில் விருந்தாளி மாதிரி இருக்கிறது, ஏன்?

கேள்வி: பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், பாசமாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அவர்களோடு உட்கார்ந்தால் விருந்தாளி மாதிரி இருக்கிறது. இது சரியாகுமா?

பதில்:

பெரும்பாலும் சரியாகும். ஆனால் நீங்கள் விட்டுவிட்டுப் போன இடம் அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்தால் ஆகாது.

நானும் இப்படித் திரும்பி வந்தவன்தான். சந்திப்பின் முதல் அரைமணி நேரம் எப்போதுமே பிரமாதமாகப் போகும். பட்டப்பெயர், பழைய சண்டை, யார் யாரிடம் அடி வாங்கினான் என்ற கதை. அதெல்லாம் தீர்ந்ததும் பேச்சு அவர்களுடைய நடப்பு வாழ்க்கைக்குள் போய்விடும். "அவன் மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்டா" என்று ஒருத்தன் சொல்வான், மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யார் அவன், என்ன ஆரம்பித்தான் என்று கேட்டால் நல்ல மனதோடு விளக்குவார்கள். அதற்கு ஒரு முன்கதை, முன்கதைக்கு இன்னொரு முன்கதை, எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போயிருக்கும். இரண்டு மூன்று தடவைக்கு அப்புறம் நாம் கேட்பதை விட்டுவிட்டு, சும்மா சேர்ந்து சிரித்து வைப்போம். நீங்கள் சொல்லும் விருந்தாளி உணர்வு அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். அந்த மேஜையில் யாரும் உங்களை ஒதுக்கியிருக்கமாட்டார்கள்.

ஆல்ஃப்ரெட் ஷூட்ஸ் என்று ஒரு சமூகவியல் சிந்தனையாளர், வியன்னாவைச் சேர்ந்தவர், 1939-இல் நியூயார்க்கில் போய்க் குடியேறியவர். போர் முடியும் தறுவாயில், 1945-இல், வீடு திரும்புகிறவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புது ஊருக்குப் போகிறவனுக்குத் தனக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே தெரியும், திரும்பி வருகிறவனோ எல்லாம் தெரிந்த இடத்துக்கு வருவதாக நம்பி வருகிறான் என்கிறார். எனக்கு அது அப்படியே பொருந்தியது. வெளிநாட்டில் முதல் வருடம் அலுவலகத்தில் எல்லாரும் சிரிக்கும்போது நான் முழித்துக்கொண்டிருந்தேன், அதற்காக யார் மேலும் வருத்தப்படவில்லை, எதிர்பார்த்துப் போனதுதானே. அதே முழிப்பு நம் ஆட்கள் நடுவில் வரும்போதுதான் வலிக்கிறது.

"ஆனா டச்சிலதானே இருந்தோம்" என்று தோன்றும். இருந்தோம்தான், ஆனால் போனில் வருவது பெரும்பாலும் தலைப்புச் செய்தி. வேலை மாறிவிட்டது, குழந்தை பிறந்துவிட்டது, அப்பா தவறிவிட்டார். நடுவில் இருப்பதெல்லாம், அதாவது புது வேலையில் யார் படுத்துகிறார்கள், குழந்தை ஏன் தூங்கவே மாட்டேன் என்கிறது, அதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் போகும். அதைச் சொல்வதற்காக யாரும் நேரம் பார்த்துப் போன் போடுவதில்லை.

எனக்கு இது உறைத்தது ஒரு நண்பனின் விஷயத்தில். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினேன், அது அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது என்று பின்னால் சொன்னான். ஆனால் ராத்திரி முறைவைத்து வராந்தாவில் படுத்துக்கிடந்தது வேறு ஒருத்தன். நான் கிளம்பிய காலத்தில் எங்கள் கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஆள். இன்றைக்கு என் நண்பனுக்கு எது நடந்தாலும் முதல் போன் அவனுக்குத்தான் போகிறது, நான் இதே ஊரில் இருந்தாலும். ஆரம்பத்தில் உள்ளுக்குள் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி இருக்க முடியும்? நான் போன பிறகு மிச்சமிருந்தவர்கள் தங்களுக்குள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள், எனக்காக நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டா இருக்க முடியும்.

சரி, என்ன செய்வது? முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்துக்குக் குடிபோனவர்களையும் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவர்களையும் வைத்து நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்கிட்டார். அறிமுகம் ஓரளவு பழக்கமாக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பன் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பனாக 200-க்கும் மேல். இது புது நட்புக்கான கணக்கு. பழைய நட்புக்குக் குறைவாக ஆகலாம், எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடி மூன்று மணி நேரம் பேசினால் வருடத்துக்கு 12 மணி நேரம்தான், அதுவும் நான்கைந்து பேருக்கு நடுவில் பிரிந்துபோகும். வாரம் ஒன்றரை மணி நேரம் ஒரே ஆளோடு என்றால் வருடத்தில் 75-ஐத் தாண்டிவிடும்.

அதனால் கூட்டத்தைக் கொஞ்ச காலம் முக்கியமாக எடுத்துக்கொள்ளாமல், ஒருவர் ஒருவராகப் போய்ப் பாருங்கள். "ஒருநாள் பார்க்கலாம்டா" என்று சொன்னால் அந்த ஒருநாள் வராது, ஏனென்றால் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்கெனவே ஒரு அமைப்பு இருக்கிறது, அதில் நீங்கள் கிடையாது. அவன் ஏற்கெனவே செய்கிற வேலையில் போய் ஒட்டிக்கொள்வதுதான் சுலபம்: வண்டியை சர்வீஸுக்கு விடப் போகிறானா, பையனை வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெளியே காத்திருக்கிறானா, கூடப் போங்கள். வெட்டியாகக் கழியும் அந்த நேரத்தில்தான் தலைப்புச் செய்திக்கு நடுவில் விட்டுப்போனதெல்லாம் வெளியே வரும்.

விட்டுப்போன வருடங்களைப் பற்றிக் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். "எப்படிடா இருக்க" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராத்திரியெல்லாம் எப்படிடா சமாளிச்சீங்க" என்று நான் கேட்டபோது அவன் ஒன்றரை மணி நேரம் பேசினான். அந்த வராந்தாக்காரனைப் பற்றி நிறையச் சொன்னான். அதற்கப்புறம் எனக்கு அவன் மேல் இருந்த உறுத்தல் பெரும்பாலும் போய்விட்டது, இப்போது அவனோடும் தனியாகப் பழக்கம்.

நம் வெளிநாட்டு வாழ்க்கையை யாரும் கேட்பதில்லை என்ற குறையும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு எங்கே பிடித்துக் கேட்பது என்று தெரியாது, அவ்வளவுதான். "அங்கெல்லாம்..." என்று வாக்கியத்தை ஆரம்பித்தால் ஒப்பிட்டு மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொண்டு முகம் இறுகிவிடும் (எத்தனை தடவை பார்த்துவிட்டேன்). நாட்டை விட்டுவிட்டு ஆளைச் சொல்லுங்கள். அறைத்தோழன் குறட்டை விட்ட கதைக்கு எல்லாரும் காது கொடுப்பார்கள்.

எல்லாரும் திரும்பக் கிடைக்கமாட்டார்கள். நான்கைந்து தடவை தனியாகப் பார்த்த பிறகும் ஒருவரோடு பேச்சு பள்ளிக்கூடக் கதையைத் தாண்டவில்லை, அடுத்த முறை கூப்பிடுவதும் எப்போதும் நீங்கள்தான் என்றால், அங்கே மிச்சம் இருப்பது பிரியம் மட்டும்தான். விசேஷத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

கூட்டச் சந்திப்புகளுக்கும் போய்க்கொண்டே இருங்கள், பெரிதாக எதிர்பார்க்காமல். அதில் இரண்டு பேரோடு தனிப்பழக்கம் திரும்ப வந்துவிட்டால் போதும். மேஜையில் ஏதோ சொல்லி எல்லாரும் சிரிக்கும்போது அவர்களில் ஒருத்தன் உங்கள் பக்கம் சாய்ந்து "அன்னிக்கு வண்டியில சொன்னேன்ல, அவன்தான்" என்பான். நீங்களும் நிஜமாகவே சிரிப்பீர்கள்.