கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் மட்டும் ஒழுகுவது ஏன்?

கேள்வி: “தேவகோட்டையில் எங்கள் வீட்டின் பின்கட்டு கான்கிரீட் கட்டடம். மேலே சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறது. ஐப்பசி மழையில் தளத்தின் நடுவில் ஒழுகுவதில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் அறையின் மேல்மூலை ஊறுகிறது. மாடி முழுவதும் வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லை. கோவிங் போட்டால் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா?”

சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் சரிவாக நிரப்பும் கோவிங் தேவைதான், ஆனால் அது பாதி வேலை. தண்ணீரைத் தடுக்கும் பூச்சின் மேல்விளிம்பைச் சுவருக்குள் காடி என்னும் நீளப்பள்ளம் வெட்டிச் செருகுவது மறுபாதி. காரைக்குடிப் பக்கம் வீடுகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான மாடிகள் மறுபடியும் ஒழுகுகின்றன.

எதையும் உடைப்பதற்கு முன்பு, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் களிமண்ணால் வரப்புக் கட்டி, தளத்தின் பக்கம் மட்டும் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்துங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால் வரப்பை எடுத்து, தண்ணீர் மூலையைத் தொடும்படி விடுங்கள். அப்போது ஈரம் வந்தால் குற்றம் மூலையில் இருக்கிறது. அப்போதும் வராவிட்டால் தளத்தைக் காயவிட்டு, கைப்பிடிச் சுவரின் தலையில் மட்டும் குழாயால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இந்த மூன்றாவது சோதனையில் ஈரம் வந்தால், மழைநீர் சுவரின் உச்சியில் நுழைந்து உள்ளுக்குள்ளேயே இறங்குகிறது என்று பொருள். மூலையில் நீங்கள் என்ன போட்டாலும் தண்ணீர் அதன் பின்பக்கமாகப் போய்விடும். (மரச்சட்டத்தின் மேல் அமைந்த முன்கட்டுத் தளங்களில் தண்ணீர் நிறுத்தும் சோதனையைச் செய்யாதீர்கள். ஓர் அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. உளுத்த சட்டத்துக்கு அது வேண்டாத சுமை.)

மூலை ஏன் விரிகிறது என்றால், தளமும் சுவரும் ஒரே அளவில் அசைவதில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையில் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீள்கிறது. செங்கல் சுவர் அதில் பாதியளவே நீளும். இந்த இழுபறியில் அடிமூலையில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. செங்குத்தான மூலையில் அடிக்கும் பூச்சு அந்த இடத்தில் ஒன்று மெலிந்துவிடும், அல்லது மூலையைத் தொடாமல் பாலம் போல் நின்று பின்னால் காற்றை அடைத்துக்கொள்ளும். இரண்டுமே முதல் கோடையில் கிழிந்துவிடும். மூலையைச் சரிவாக நிரப்பிவிட்டால் பூச்சு எங்கும் ஒரே கனத்தில் படுகிறது. அசைவும் ஒரு கோட்டில் குவியாமல் பரவுகிறது. கோவிங்கின் பயன் இவ்வளவுதான். அது தானாகத் தண்ணீரைத் தடுப்பதில்லை.

ஆகவே அதைத் தட்டோட்டின் மேல் வைப்பது வீண். ஓட்டு இடுக்குகளில் இறங்கிய தண்ணீர் ஜல்லித் தளத்துக்குள் ஊர்ந்து வந்து மூலையில்தான் நிற்கிறது. மேலே வைத்த கோவிங் அதைத் தடுக்காமல் மூடி மட்டும் வைக்கிறது. சுவரோரம் ஓர் அடி அகலத்துக்கு ஓட்டையும் ஜல்லியையும் எடுத்துக் கான்கிரீட் தெரியும் வரை இறங்குங்கள். சுவரின் பூச்சையும் செங்கல் தெரியக் கொத்திவிடுங்கள். தூசியைக் கழுவி, ஈரம் ஊறவிட்டு, சிமென்ட் பால் தடவி அது காயும் முன்பே ஒன்றுக்கு நான்கு கலவையை அழுத்தி வையுங்கள். தளத்திலும் சுவரிலும் 75 மில்லிமீட்டர் ஏறும்படி இருக்கட்டும். அதன் முகத்தைக் கரண்டியால் தீட்டுவதைவிட, ஆறங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை நனைத்து நீளவாக்கில் இழுத்தால் உட்குழிவு ஒரே சீராக வரும். ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். வெயிலில் விட்டால் கோவிங்கே சுவரிலிருந்து விலகி, மூடவேண்டிய வெடிப்பைத் தானே உண்டாக்கும்.

இனிக் காடி. பூச்சு சுவரில் ஏறி வெறுமனே முடிந்தால், அந்த விளிம்பு உரிந்து, சுவரில் வழியும் தண்ணீரைப் பின்னால் வாங்கும் வாயாகிவிடும். அதனால் அது முடிந்த தளத்துக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் சுவருக்குள் நுழைந்து முடியவேண்டும். ‘முடிந்த தளம்’ என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், வெறும் கான்கிரீட்டிலிருந்து 150 அளந்து காடி வெட்டியிருந்தார்கள். பிறகு ஜல்லி 90, ஓடு 20 என ஏறியதும் மிஞ்சியது 40 மில்லிமீட்டர்தான். அதோடு, தூம்பை நோக்கி அறுபதுக்கு ஒன்று வாட்டம் கொடுத்திருந்ததால், சுவரின் ஒன்பது மீட்டர் நீளத்தில் தளமும் 150 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே போனது. தூம்புப் பக்கம் அளந்து நேர்மட்டமாக இழுத்த காடி மறுகோடியில் ஓட்டுக்கு அடியிலேயே புதைந்துவிட்டது. கீழே அறையில் ஈரமும் அந்தக் கோடியில்தான் இருந்தது. முடியும் ஓட்டு மட்டத்தைச் சுவரில் முதலில் நூலடித்து, அதற்கு மேல் 150 விட்டு, வாட்டத்தோடு சாய்த்தே காடியை எடுத்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

தார்த்தாள் ஒட்டுவதாக இருந்தால் காடி ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் ஆழமும் 75 மில்லிமீட்டர் அகலமும் வேண்டும். நீங்கள் செய்யப்போவது கண்ணாடி நாரிழை வலை வைத்த இரண்டு கை பூச்சு என்றால், 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழம் போதும். உளியால் அடித்து வெட்டினால் சுவர் அதிர்ந்து கலவை விடும். வெட்டும் இயந்திரத்தில் இரண்டு கோடு இழுத்து நடுவை எடுங்கள். கீழ்விளிம்பை மழுக்கிவிடுங்கள், கூராக இருந்தால் வலை அங்கேயே முறியும். பூச்சு தளத்தில் தொடங்கி, கோவிங்கின் மேல் ஏறி, காடிக்குள் போய் முடியவேண்டும். அதன் பிறகு காடியைக் கலவையால் அடைத்து, சுவர்ப்பூச்சைக் காடிக்கு மேலிருந்து கீழே இறக்குங்கள். ஜல்லியும் ஓடும் போடுவதற்கு முன்பே தண்ணீர் நிறுத்திச் சோதித்துவிடுங்கள். போட்ட பிறகு தெரிந்தால் மறுபடி உடைக்கவேண்டும்.

உங்கள் கைப்பிடிச் சுவர் நான்கரை அங்குலச் சுவராக இருந்தால் தார்த்தாளுக்கான ஆழக்காடி வெட்டவே கூடாது. பாதிக்கு மேல் அறுத்துவிட்ட சுவர் சாயும். அங்கே பூச்சைச் சுவரின் உட்புறம் முழுவதும் ஏற்றி, உச்சியின் மேல் மடித்து முடிப்பதுதான் வழி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய முன்கட்டுச் சுவரானால், ஒன்றுக்கு நான்கு சிமென்ட் அதற்கு மிகக் கடினம். ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் போதும். காடிக்காகச் செங்கல்லை அறுக்கவும் வேண்டாம், ஒரு வரி இணைப்பைச் சுரண்டி எடுத்தாலே இடம் கிடைக்கும். எந்தச் சுவரானாலும் அதன் தலை தெருப்பக்கம் சரியாமல் மாடிப்பக்கம் சரிந்திருக்கட்டும். வெளிப்பக்கம் சுதை வேலைப்பாடு இருக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். அந்தப் பொம்மைகளின் மடிப்புகளில் நிற்கும் தண்ணீர், உள்ளே நீங்கள் செய்த அத்தனை வேலையையும் வெளியிலிருந்து சுற்றிக்கொண்டு வந்துவிடும்.