தோல் இறுக்க நோயில் நின்றுபோகும் குடல்: கேள்வி பதில்

ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களின் வயிற்றுத் தொல்லைகளைப் பற்றி இரண்டு நாட்களுக்குக் கேளுங்கள். பாளையங்கோட்டையில் குடல் மருத்துவம் பார்ப்பவன் நான். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் எழுத வேண்டும். ஏன் கொடுக்கிறார்கள், எங்கே தவறுகிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

முக்கூடலிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு 52 வயது, பீடி சுற்றுகிறார். ஒன்பது வருடமாகத் தோல் இறுகும் நோய். பதினான்கு மாதத்தில் எடை 51 கிலோவிலிருந்து 42 ஆகிவிட்டது. தினமும் ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு. கடையில் நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. அடைப்பு என்று அறுக்கப் பார்த்தார்கள், ஸ்கேனில் அடைப்பு இல்லை. ரத்தத்தில் பி12 140, போலிக் அமிலம் 20க்கு மேல்.

தம்பி, முதலில் ஒன்றைக் கேட்கிறேன். அம்மா மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறாரா? அதோடு போலிக் மாத்திரையும் கொடுப்பார்கள், அப்படியானால் அந்த 20க்கு அர்த்தம் இல்லை. சாப்பிடவில்லை என்றால் பாதி விடை அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. போதிய உணவில்லாமல் மெலிந்தவருக்கு இரண்டு சத்துகளுமே குறையும். ஒன்று தாழ்ந்து மற்றது ஏறியிருந்தால், சிறுகுடலில் குடியேறிய கிருமிகள் பி12-ஐத் தின்றுவிட்டுப் போலிக் அமிலத்தை உண்டாக்குகின்றன என்று சந்தேகிக்க வேண்டும்.

அவை ஏன் குடியேறின? வெறும் வயிற்றில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஓர் அலை பெருக்கிக்கொண்டு போகும். மிச்சம் மீதியையும் கிருமிகளையும் பெருங்குடலுக்குத் தள்ளுவது அதுதான். இந்த நோயில் முதலில் குடலின் நரம்பும் பிறகு தசையும் கெடுவதால் அலை தளர்கிறது, சிலருக்கு நின்றே போகிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் அடைத்த மாதங்களில் குட்டையாக நிற்கும் நீரில் பாசி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவின் குடலில் நடப்பதும் அதுதான். அங்கே பெருகும் கிருமிகள் பித்த உப்புகளை உடைத்துவிடுகின்றன. கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது. கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போகின்றன. மலம் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு, கழிப்பறைக் குழியில் ஒட்டிக்கொள்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆக, போக்கு இருந்தாலும் குடல் ஓடவில்லை, தேங்கி நிற்கிறது. அதை லோபரமைடு கொடுத்து மேலும் நிறுத்தினால் மூன்றாம் நாள் நீங்கள் கண்டதுதான் நடக்கும். அடைப்பே இல்லாமல் அடைப்புப் போலக் குடல் உப்பும். இப்படி அறுத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் தைத்த வயிறுகளை நான் பார்த்திருக்கிறேன். அறுத்த பிறகு அந்தக் குடல் எழுந்திருக்க இன்னும் நாளாகும். உங்கள் அம்மாவுக்கு முதலில் ஸ்கேன் எடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது, கிருமியைக் குறைக்கும் ஆன்டிபயாடிக். ரிபாக்சிமின் 550 மில்லிகிராம் நாளுக்கு மூன்று முறை, 14 நாள் என்பது பரவலான முறை. விலை கட்டுப்படாவிட்டால் சிப்ரோபிளாக்சசின், டாக்சிசைக்கிளின், மெட்ரோனிடசோல் இவற்றில் ஒன்று. மருந்து தொடங்கும் முன் ஒரு தாளில் எடை, மலம் கழிக்கும் எண்ணிக்கை, மாலையில் தொப்புளுக்கு நேரே இடுப்புச் சுற்றளவு மூன்றையும் எழுதுங்கள். கிருமிதான் காரணம் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் உப்பலும் நாற்றமும் குறையும். எடை ஏற ஒரு மாதமாவது ஆகும். பி12-ஐ ஊசியாகவே போடச் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவையும், ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். கே வைட்டமின் குறைந்திருந்தால் அது அங்கேதான் தெரியும்.

கால்வாய் அப்படியேதான் இருக்கிறது என்பதால் பாசி திரும்பவும் வரும். சிலருக்கு ஆறு மாதம் கழித்து, சிலருக்கு மூன்றே வாரத்தில். அடிக்கடி வருகிறவர்களுக்கு மாதத்தில் ஏழு முதல் பத்து நாள் வரை, ஒவ்வொரு மாதமும் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது உண்டு. அம்மா எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கிறார், காத்திருக்காதீர்கள்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து: எனக்கு நெஞ்செரிச்சல், இரவில் இருமல். மூன்று தலையணை வைத்தும் பயன் இல்லை.

அண்ணாச்சி, தலையணையை எடுத்துவிடுங்கள். மூன்று தலையணையில் உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு அமுங்குகிறது, புளிப்பு இன்னும் மேலே ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். பான்டாப்பிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே எடுக்க வேண்டும், பலர் பின்னால் எடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். விரல் நீலமாவதற்கு நிபெடிபின் சாப்பிட்டால், அது உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்தும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு இருமலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். புளிப்பு நுரையீரலுக்குள் இறங்கினால், ஏற்கனவே அடிபடும் அந்த உறுப்புக்கு அது இன்னோர் அடி.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தென்காசி: அமிலம்தான் கிருமியைக் கொல்கிறது. கேஸ் மாத்திரையால் அமிலத்தைக் குறைத்துவிட்டுக் கிருமி பெருகுகிறது என்றால் எப்படி? மாத்திரையை நிறுத்துவதுதானே சரி?

ஐயா, முதல் பாதி சரி. அமிலம் குறைந்தால் கிருமி பெருக வாய்ப்புக் கூடும். ஆனால் இந்த நோயாளிக்கு முதன்மைக் காரணம் அலை நின்றது. மாத்திரையை நிறுத்தினால் உணவுக்குழாய் புண்ணாகி, சுருங்கி, சோறு இறங்காமல் போகும். வேலை செய்யும் அளவுகளில் மிகக் குறைந்ததைப் பிடியுங்கள் என்பேன், நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

ஒரு தங்கை, சங்கரன்கோவில்: ரிபாக்சிமின் எத்தனை நாள்?

மேலே எழுதியிருக்கிறேன்.

பெயர் சொல்லாதவர்: கணவருக்குச் சர்க்கரை, எப்போதும் ஏப்பம். இதே மருந்து கொடுக்கலாமா?

அது வேறு நோய், வேறு பரிசோதனை. அவரைப் பார்க்கும் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: இவ்வளவு மருந்து எதற்கு? காலையில் பழைய சோறும் நீராகாரமும் போதும். நல்ல கிருமி கெட்ட கிருமியை விரட்டும். எங்கள் அத்தைக்கு இதே நோய், பத்து வருடமாக நீராகாரம்தான்.

அத்தை நலமாக இருப்பது மகிழ்ச்சி. அவருடைய குடல் அலை இன்னும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். நீராகாரத்தில் உயிருள்ள கிருமிகள் இருப்பது உண்மை. ஆரோக்கியமான குடலில் அவை போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். நிற்கும் குடலில் நல்லதும் கெட்டதும் ஒரே குட்டையில்தான் தேங்கும். முக்கூடல் அம்மாவுக்கு நான் அதை இப்போது சொல்ல மாட்டேன்.

அதே கல்லிடைக்குறிச்சிக்காரர்: அப்படியானால் தயிரும் கூடாதா? உங்கள் மருத்துவம் நம் சாப்பாட்டையே குற்றம் சொல்கிறது.

ஓர் உணவியலாளர், மேலப்பாளையம்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் வரும் இந்த நோயாளிகளில் பலருக்குப் பால் குடித்தால் வயிறு பொங்குகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது. கிருமி பெருகிய குடலில் பால் சர்க்கரை செரிப்பதில்லை, தயிரில் அதன் ஒரு பகுதி ஏற்கனவே தின்னப்பட்டுவிட்டது. உயிருள்ள கிருமி என்று எல்லாவற்றையும் ஒதுக்கினால் எடை போனவர் எதைச் சாப்பிடுவார்?

உணவியலாளர் அம்மா சொல்வதை ஏற்கிறேன். தயிரை நான் தடுக்கவில்லை, நீராகாரத்தைப் பற்றிச் சொன்னதிலும் கொஞ்சம் முந்திவிட்டேன். கல்லிடைக்குறிச்சி நண்பரே, நம் சாப்பாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குழைந்த சோறு, இடியாப்பம், தோல் நீக்கிய பருப்பு, முட்டை எல்லாம் இந்தக் குடலுக்கு ஏற்றவைதான். நீராகாரத்தை அவரவர் வயிற்றில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் நிறுத்துங்கள், இரண்டு வாரம் குடியுங்கள். அந்தத் தாளில் இடுப்புச் சுற்றளவும் எடையும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ஆனால் ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக அதைக் கொடுத்து, 42 கிலோ 39 ஆவதை வேடிக்கை பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உணவியலாளர் மீண்டும்: இன்னொரு சந்தேகம். இரைப்பை மந்தம் என்று சிறுசிறு வேளையாக ஆறு முறை சாப்பிடச் சொல்கிறோம். அலை வெறும் வயிற்றில்தான் வரும் என்கிறீர்கள். ஓயாமல் சாப்பிட்டால் அலைக்கு ஏது நேரம்?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எடை இழந்தவருக்குப் பகலில் சிறு வேளைகளும், இரவில் நீண்ட இடைவெளியும் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த இரவிலும் அலை வராதவர்களுக்கு ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் தோலுக்கடியில் ஊசியாகப் படுக்கும் முன் போடுவது உண்டு, அது அலையைத் தூண்டும். விலை அதிகம், பித்தக்கல் வரலாம், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை.

பத்தமடையிலிருந்து: கொழுப்பு செரிக்காதவர்களுக்கு எம்.சி.டி. எண்ணெய் நல்லது, அது தேங்காயிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் சொதி தினமும் சாப்பிடலாம்தானே?

தேங்காயிலிருந்து பிரித்தெடுப்பது உண்மை. ஆனால் பித்தம் அதிகம் தேவைப்படாமல் செரிக்கும் குட்டையான கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அது பெரும்பாலும் மற்றக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. சொதி நாவுக்கு நல்லது, வாரம் ஒருமுறை சாப்பிடட்டும். எம்.சி.டி. எண்ணெயை ஒரு தேக்கரண்டியில் தொடங்க வேண்டும், கூட்டினால் அதுவே போக்கைக் கொண்டுவரும்.

ஒருவர், நாங்குநேரி: அப்பாவுக்கு மலச்சிக்கல். இசப்கோல் தினமும் கொடுக்கிறோம்.

நிறுத்துங்கள். தள்ள வலுவில்லாத குடலில் ஊறிய இசப்கோல் கட்டியாகி நிற்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளைக் கேட்டு வாங்குங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து: வயிற்றுப்போக்கு நிற்க எந்த மாத்திரை நல்லது?

முக்கூடல் தம்பிக்கு எழுதியதைத் தயவு செய்து படியுங்கள். இன்று இதே கேள்வி நான்காவது முறை வருகிறது. இந்த நோயில் நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்காதீர்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரையும் குடலை நிறுத்தும்.

கடையநல்லூரிலிருந்து: மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. மருந்தே வேண்டாமா?

குடிக்கக் கொடுத்த குளுக்கோஸைக் கிருமிகள் தின்று விடும் ஹைட்ரஜனை மூச்சில் அளப்பதுதான் அந்தப் பரிசோதனை, அது தவறவிடுவது உண்டு. எல்லாக் கிருமிகளும் ஹைட்ரஜன் விடுவதில்லை, குளுக்கோஸ் கரைசல் கடைசிச் சிறுகுடலை எட்டும் முன்பே உறிஞ்சப்பட்டும் விடும். எடையும் பி12-ம் குறைந்து உப்பலும் இருந்தால், ஒரு சுற்று மருந்து கொடுத்துப் பார்ப்பது நியாயம்.

அக்காவுக்காகக் கேட்பவர், வள்ளியூர்: எட்டு மாதமாக மாதம் பத்து நாள் மெட்ரோனிடசோல் மட்டுமே எடுக்கிறார். உப்பல் போய்விட்டது. இப்போது இரண்டு பாதமும் மரத்துப்போகின்றன. நோய் நரம்புக்கு வந்துவிட்டதா?

அதற்கு முன் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். மெட்ரோனிடசோல் நீண்ட நாள் போனால் பாதத்திலிருந்து மரப்பு தொடங்கும். பி12 குறைவும் அப்படியே தொடங்கும். உங்கள் அக்காவுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், கையால் தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது. நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். மெட்ரோனிடசோலை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பி12 அளவுக்கு ரத்தம் எடுத்த பிறகு ஊசி போடட்டும், ஊசி போட்டுவிட்டு அளந்தால் எண் ஏமாற்றும். கண்ணை மூடி நிற்கும்போது தள்ளாடுகிறாரா என்று மட்டும் இன்றிரவு, அருகில் ஒருவர் பிடித்துக்கொள்ள, பார்த்து வையுங்கள். தள்ளாடினால் அதை முதல் வரியாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.